குமார் வீடு (குமார் இல்லாத குழு)

செந்தில்: மக்களே, 14ஆம் தேதி குமார் வீட்டுப் பால்காய்ப்பு. பிரிட்ஜ் பார்த்துவிட்டேன், 24,000. எட்டுப் பேர், தலைக்கு 3,000. இன்றைக்கே ஜிபே போடுங்கள்.

ஜான்: 👍

தேவி: போட்டாச்சு

ரவி: அவனிடம் ஏற்கெனவே பிரிட்ஜ் இருக்கே?

செந்தில்: மாமியார் வீட்டுப் பழசு. ஐஸ் பிடித்துக் கதவே மூடாது.

பாலாஜி: ஒரு நிமிஷம். பொருளை முடிவு செய்துவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்றால், கையில் இல்லாதவன் அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிவரும். அவரவருக்குத் தோதானதைத் தேவிக்குத் தனியாக அனுப்பட்டும். யார் எவ்வளவு என்று அவள் வெளியே சொல்லக் கூடாது. சேர்ந்த தொகைக்குள் வாங்குவோம். 3 பேர் 5,000, 3 பேர் 2,500, 2 பேர் 750 போட்டாலும் இதே 24,000தான். அட்டையில் எட்டுப் பெயரும் இருக்கும்.

ஜான்: ஆடிட்டர் ஆபீஸ் திறந்தாச்சு

ரவி: எங்கள் ஆபீசில் பிறந்தநாள் கேக்குக்கு மாதம் 100 பிடிக்கிறார்கள். நான் பிறந்தது பிப்ரவரி 29. மூன்று வருஷமாகக் கேக்கே இல்லை

ஜான்: சம்பளம் பார்த்துப் பங்கு போட இது என்ன வருமான வரியா?

பாலாஜி: சம்பளத்தை யார் கேட்டது? 75,000 வாங்குகிறவன் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கலாம். அதனால்தான் தொகையை அவனே முடிவு செய்யட்டும் என்கிறேன்.

முருகன்: நான் தனியாக மொய் எழுதிக்கொள்கிறேன்டா

செந்தில்: கூட்டாகத்தானே செய்கிறோம், அது எதற்கு?

முருகன்: 2016இல் என் கல்யாணத்துக்குக் குமார் 1,001 எழுதினான். பிரிட்ஜ் கொடுத்தால் அவன் அப்பா நோட்டில் என் பெயர் வராது. அவருக்கு நோட்டுதான் கணக்கு.

தேவி: ஆமாம், திருப்பும்போது கொஞ்சம் கூடவும் வைக்கணும்

பாலாஜி: பார்த்தாயா, அவனுக்கு இரட்டைச் செலவு. போன மாத ஹோட்டலிலும் இதே கதைதான்.

செந்தில்: அதை மறுபடி கிளப்பாதே

பாலாஜி: கிளப்புவேன். சாப்பாடு 4,200, சரக்கு 5,400. சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தனிப் பில்லே கொடுத்தார்கள். நீ இரண்டையும் கூட்டி எட்டால் வகுத்து 1,200 என்றாய். குடித்தது ஐந்து பேர். குடிக்காதவனுக்கு 525, குடித்தவனுக்கு 1,605 வந்திருக்க வேண்டும். முருகன் தின்றது இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

ஜான்: நானும் லெமன் சோடாதான்

தேவி: சிக்கன் முழுக்க உன் தட்டில்தான் இருந்தது, பேசாதே

செந்தில்: கவனிக்கவில்லைடா முருகா

முருகன்: விடுடா

ரவி: ஏற்காடு வேன் என்ன ஆச்சு? பின் சீட்டுக்குக் குறைவுதானே?

ஜான்: போன தடவை நீ வாந்தி எடுத்ததற்கு வேன் கழுவிய 300 பாக்கி

செந்தில்: சரி, ஞாயிறு இரவுக்குள் எல்லாரும் தேவிக்கு அனுப்புங்கள்

தேவி: நான் எதற்கு? எப்போதும் நான்தான் உண்டியலா? முதலில் என் 3,000ஐத் திருப்பு

பாலாஜி: 15,000தான் சேர்ந்தால் வாஷிங் மெஷின் பார்ப்போம்

செந்தில்: பிரிட்ஜுக்கு அட்வான்ஸ் 1,000 கொடுத்துவிட்டேனே