கடையளவா, சிப்ப அளவா? ராத்தல் கணக்குச் சமையலுக்கு ஒரு சொல் வேண்டும்

உமையாள் (சொந்த ஊர் கண்டனூர், இப்போது ஜெர்மனியில் ஆஹன் நகரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டார் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்துக் குறிப்பேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ரங்கூன் புட்டுக்கு ரவை 1 ராத்தல், வெல்லம் 1¼ ராத்தல், நெய் 6 அவுன்ஸ், தேங்காய்த் துருவல் 4 அவுன்ஸ், தண்ணீர் 40 அவுன்ஸ் என்று அப்பத்தா எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்தலுக்கு 454 கிராம், அவுன்ஸுக்கு 28.35 கிராம் என்று கணக்கிட்டால் ரவை 454, வெல்லம் 567, நெய் 170, துருவல் 113 கிராம் என்று வருகின்றன. ஆனால் நான் வாங்கும் கடையில் ரவை 500 கிராம் பாக்கெட்டாகவும், வெண்ணெய் 250 கிராம் கட்டியாகவும், ஆசியக் கடையில் வெல்லம் 500 கிராம் பொதியாகவும்தான் இருக்கின்றன. என்னைப் போன்ற மாணவர்களுக்காகத் தமிழில் ஓர் அளவுப்பட்டியல் எழுதிவருகிறேன். அதில் கணக்கில் வரும் அளவுக்கு ஒரு நிரலும், கடையில் வாங்க வேண்டிய அளவுக்கு ஒரு நிரலும் உண்டு. இரண்டாம் நிரலுக்கு 'கொள்ளளவு' என்று தலைப்பிடலாமா?

மெய்யப்பன், புதுவயல்

தங்கச்சி உமையாளுக்கு, 'கொள்ளளவு' வேண்டாம். அது பாத்திரத்துக்கும் அணைக்கட்டுக்கும் போய்விட்ட சொல். எங்கள் அரிசி ஆலையில் 25 கிலோ மூட்டையைச் சிப்பம் என்றுதான் சொல்கிறோம், ஆகவே 'சிப்ப அளவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த 454, 567 என்ற எண்களே தேவையில்லை. ராத்தலுக்கு அரைக் கிலோ, அவுன்ஸுக்கு 30 கிராம் என்று எல்லாவற்றையும் ஒரே சீராகக் கூட்டிவிட்டால் விகிதம் மாறாது, பாக்கெட்டும் மீறாது. ஒரு நிரலே போதும் என்பது என் கருத்து.

இராமநாதன், பள்ளத்தூர்

மருந்துக் கடையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவுன்ஸ் என்பது எடையே அல்ல. அது 30 மில்லி. என் பேத்தியின் பால் புட்டியில் 4 அவுன்ஸ் கோட்டுக்கு எதிரே 120 என்று அச்சிட்டிருக்கிறது. ஆகவே துருவல் 4 அவுன்ஸ் என்பதையும் மில்லியில்தான் அளக்க வேண்டும். குழந்தைக்கு எத்தனை மாதத்தில் எத்தனை அவுன்ஸ் என்ற அட்டவணையும் என்னிடம் உள்ளது. பட்டியலில் சேர்த்துக்கொள்ள விருப்பம் இருந்தால் அனுப்புகிறேன்.

வள்ளிக்கண்ணு, காரைக்குடி

உமையா, பலகாரம் போட்டு விற்கிறவள் என்பதால் புட்டிலிருந்தே தொடங்குகிறேன். மெய்யப்ப அண்ணன் சொன்னதில் பாதி சரி. எல்லாச் சரக்கையும் ஒரே மடங்கில் வளர்த்தால் விகிதம் மாறாதுதான், ஆனால் அவர் கொடுத்த இரண்டு எண்கள் ஒரே மடங்கில் வளரவில்லை. 16 அவுன்ஸ் சேர்ந்தது ஒரு ராத்தல். அவுன்ஸுக்கு 30 கிராம் வைத்தால் ராத்தலுக்கு 480தான் வரும், 500 வராது. ராத்தலில் எழுதிய ரவையும் வெல்லமும் பத்தில் ஒரு பங்கு வளர, அவுன்ஸில் எழுதிய நெய்யும் தண்ணீரும் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வளரும். ராத்தலை 500 ஆக்கினால் அவுன்ஸை 31.25 ஆக்க வேண்டும். அப்போது ரவை 500, வெல்லம் 625, நெய் 187, துருவல் 125 கிராம், தண்ணீர் 1,250 மில்லி என்று கணக்கு ஒழுங்காக நிற்கும்.

பெரும்பாலோர் செய்வது வேறு. பாக்கெட்டில் மீந்த 46 கிராமை எங்கே வைப்பது என்று ரவை முழுவதையும் கொட்டிவிடுவார்கள், தண்ணீரை மட்டும் பழைய 1,137 மில்லியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு சிறு தம்ளர் தண்ணீர் குறைந்துபோகும். வெந்த ரவையை இரு விரலால் நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். அந்த நிலையில் வெல்லப்பாகை ஊற்றிவிட்டால் அதற்குப் பிறகு ரவை வேகாது, புட்டு நறநறவென்றே இருக்கும். பாகு சேர்ப்பதற்கு முன்னால் கண்டுகொண்டால் வெந்நீர் தெளித்து மூடி வைத்துச் சரிசெய்யலாம்.

இராமநாதன் ஐயா சொல்லும் அவுன்ஸும் உண்மையானதே, ஆனால் அது நீர்மத்துக்கு உரியது. அப்பத்தா காலத்துப் பர்மாவில் இருந்தது பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு நீர்ம அவுன்ஸ் 28.4 மில்லி. அங்கே ஒரு கேலன் என்பதே 10 ராத்தல் தண்ணீர் என்று வகுத்திருந்ததால், தண்ணீரை நிறுத்தாலும் அளந்தாலும் 40 அவுன்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க அளவைக் கொண்டு மாற்றும் செயலியில் போட்டால் 1,183 மில்லி என்று காட்டும். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எடையா, கொள்ளளவா என்ற சந்தேகம் நெய்யில்தான் கடிக்கும், ஏனென்றால் நெய் தண்ணீரைவிட இலேசு. 6 அவுன்ஸ் நிறுத்தால் 170 கிராம், அவுன்ஸ் கிளாஸில் அளந்தால் 155 கிராம் அளவில்தான் வரும்.

சொக்கலிங்கம், தேவகோட்டை

ஆச்சி எழுதியதைப் படித்தபின், நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள் அல்ல, மூன்று என்று தோன்றுகிறது. 454 என்பது எழுதியதை அப்படியே மாற்றியது. அதை 'நேர்மாற்றளவு' எனலாம். 1,000 கிராம் வெல்லம் என்பது பையில் வந்து சேர்வது. அதற்குக் 'கடையளவு' போதும். இவற்றுக்கிடையே, ஏதேனும் ஒரு சரக்கின் பாக்கெட்டை முழுதாகப் பயன்படுத்துவதற்காக மற்ற எல்லாவற்றையும் அதே மடங்கில் வளர்த்த 625, 187, 1,250 ஆகியவை வருகின்றன; இவற்றை 'இசைவளவு' என்று வழங்கலாம். எந்தச் சரக்கை வைத்து இசைக்கிறோமோ அதை 'முதற்சரக்கு' என்றால், பட்டியலில் அதன் மேல் ஒரு புள்ளி வைத்துக் காட்டிவிடலாம். சிப்ப அளவு எனக்கு உடன்பாடில்லை. சிப்பம் என்றால் கட்டிய மூட்டை நினைவுக்கு வருகிறது. தராசில் நிறுத்து வாங்கும் சின்ன வெங்காயத்துக்கு அது பொருந்தாது.

மெய்யப்பன், புதுவயல்

அவுன்ஸ் கணக்கில் ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். சிப்பத்தை விடுவதாக இல்லை. நிறுத்து வாங்குவதற்குக் கடையளவே தேவையில்லையே, நேர்மாற்றளவையே கேட்டு வாங்கிவிடலாம் அல்லவா? பொதியாக வரும் சரக்குக்கு மட்டும் தனிச்சொல் என்றால் சிப்பம்தான் சரியானது. 'இசைவளவு' சங்கீத வகுப்பில் கேட்டதுபோல் இருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும்.

உமையாள்

நிறுத்து வாங்கும் இடத்திலும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அண்ணன். ஜெர்மனியின் வாரச்சந்தையில் ஃபுண்டு என்று கேட்டால் 500 கிராம் நிறுத்துத் தருகிறார்கள். பெயரளவில் அதுவும் ராத்தல்தான். ஆனால் நம் ராத்தலைவிட 46 கிராம் கூடுதல். ஆகவே நிறுத்து வாங்கும் சரக்குக்கும் கடையளவு நிரலை வைத்துக்கொள்கிறேன். தலைப்பு எதுவென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ரவையை முதற்சரக்காக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ரவை ஒரு பாக்கெட், வெல்லம் இரண்டு பொதி, அதில் 375 கிராம் மீதி. 250 கிராம் வெண்ணெயைக் காய்ச்சினால் நீரும் கசடும் போக ஏறக்குறைய 200 கிராம் நெய் நிற்கும் என்பதால் 187 கிராமுக்கு ஒரு கட்டி போதும். சிக்கல் துருவலில்தான். இங்கே எனக்குக் கிடைப்பது உலர்ந்த தேங்காய்ப்பூ. பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால் 125 கிராமை அப்படியே போட்டால் ரவையிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பாதி எடை எடுத்து வெந்நீரில் ஊறவைக்கலாம் என்று நினைக்கிறேன். இப்படிச் சரக்கே மாறும்போது வரும் அளவை மூன்று நிரலில் எதில் எழுதுவது?

வள்ளிக்கண்ணு, காரைக்குடி

ஊறவைப்பது சரி. அதை எந்த நிரலிலும் எழுதாதே, அடிக்குறிப்பாகப் போடு. அது அளவு மாற்றம் அல்ல, சரக்கு மாற்றம். நெய்க்குக் குறிப்பேட்டில் நிறுத்ததா அளந்ததா என்று வேறு பக்கங்களில் தேடிப் பார். ஏதாவது ஒரு பக்கத்தில் ¼ ராத்தல் நெய் என்று இருந்தால் அப்பத்தா நிறுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். நெய்க்கு எங்கும் அவுன்ஸ் மட்டுமே இருந்தால் கிளாஸ் கணக்காகவும் இருக்கலாம். அதுவரை 170 கிராம் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வை.