புதுப்பிப்பு: டிராக்கர் டோக்கனை மாற்றிய கதை

என் கேள்வி: “கிட்ஹப் இஷ்யூக்களைக் கையாளும் எங்கள் ஸ்கிரிப்டுகளில் `repo` அனுமதியுள்ள பழைய டோக்கன் இருக்கிறது. எதையும் நிறுத்தாமல் அதைச் சுருக்குவது எப்படி?”

உதவிய அனைவருக்கும் நன்றி. ஒரே களஞ்சியத்துக்கு மட்டும் fine-grained டோக்கன் உருவாக்கி, `Issues: Read and write` மட்டும் கொடுத்து, பழையதை உயிரோடு வைத்தபடியே ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்ன முதல் பதிலே பலித்தது. `Regenerate` அழுத்தினால் போதும் என்றவர் பாதி சரி. அது காலாவதியை நீட்டும், ஆனால் பழைய மதிப்பு அக்கணமே செத்துவிடும், பரந்த அனுமதியும் அப்படியே இருக்கும். வெப்ஹூக் ரகசியத்தை மாற்றச் சொன்ன நண்பரின் யோசனை வேறொரு சிக்கலுக்கானது.

எதிர்பாராதது இதுதான்: வாரம் ஒருமுறை ஓடும் அறிக்கை ஸ்கிரிப்ட் இன்னொரு தனியார் களஞ்சியத்தையும் படித்து வந்தது எனக்கு நினைவில்லை. அனுமதி இல்லாதபோது 403 வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ 404, ஏனெனில் அணுக முடியாத தனியார் களஞ்சியம் இருப்பதையே கிட்ஹப் காட்டுவதில்லை. யாரோ அதை அழித்துவிட்டார்கள் என்று அரைநாள் தேடினேன். அந்த அறிக்கைக்கு `Issues: Read-only` உடன் தனி டோக்கன் கொடுத்ததும் சரியானது.

வாராந்திர வேலையும் ஒரு சுற்று ஓடி முடிந்தபின், அதாவது எட்டாம் நாள்தான், பழைய டோக்கனை நீக்கினேன். புதியவை இன்னும் என் தனிக் கணக்கோடுதான் பிணைந்துள்ளன. கிட்ஹப் ஆப்புக்கு மாறுவதா என்பதை எங்கள் குழு முடிவு செய்யவில்லை.