மூன்று நாளில் பதில் கேட்டு வந்த கடிதம்

குன்னூர் எடைக்காரர்:
டீ ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடுவது என் வேலை. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கவர் கொடுத்தார்கள். உள்ளே விளக்கம் கேட்டு நோட்டீஸ். 9ஆம் தேதி நான் பதிந்த எடையை விட, வாட்டும் பகுதிப் பதிவேட்டில் 180 கிலோ குறைவாம். மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் சொல்ல ஏதுமில்லை என்று கருதப்படும். கடைசி வரி, ‘மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு’. அதைப் படித்ததும் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

கடிதத்தில் இருந்த தேதி புதன்கிழமை. அதனால் கையெழுத்தோடு ‘வெள்ளி மாலை 5.40க்குப் பெற்றேன்’ என்று எழுதினேன். இராத்திரியே மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மச்சான் கிழித்துப் போட்டார். மறுநாள் இரண்டு பதிவேட்டின் நகலும் கூடுதல் அவகாசமும் கேட்டு மனு கொடுத்தேன். ஐந்து நாள் கிடைத்தது.

நகலில் விஷயம் தெரிந்துவிட்டது. அன்று நல்ல மழை. வந்த இலை 1,800 கிலோ. நனைந்த இலைக்கு 10 சதவீதம் தண்ணீர்க் கழிவு, அதாவது 180 கிலோ. நான் எழுதியது கழிவுக்கு முந்தைய எடை, அவர்கள் எழுதியது பிந்தையது. இதை ஒரே பக்கத்தில் எழுதி, நகலை இணைத்து, ஒப்புகை வாங்கினேன். மூன்று மாதமாகச் சத்தமே இல்லை.

ஊட்டி:
வேலையை விட ஒரு மாத நோட்டீஸ் போதுமா சார்?

கூடலூர்:
அது வேற நோட்டீஸ்ங்க! என்னைக் கேட்டால் பதிலே எழுதக் கூடாது. எழுதினால் நமக்கே திருப்புவார்கள்.

ஓய்வுபெற்ற யூனியன்காரர்:
பாதி சரி, தம்பி. மன்னிப்புக் கேட்டு எழுதினால் ஒப்புக்கொண்டதாகத் திருப்புவார்கள். பேசாமல் இருந்தால், உங்கள் பக்கம் கேட்காமலே முடிவெடுக்க வழி விடுகிறீர்கள். அந்தக் கடைசி வரி தீர்ப்பு இல்லை, விசாரணைக் கதவைத் திறந்து வைப்பதுதான். ‘நீங்கள் செய்தது நிரூபணமாகிவிட்டது’ என்று நோட்டீசிலேயே எழுதியிருந்தால்தான் கோளாறு. ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் கண்டித்தது. ஆனால் அது ஏற்றுமதிப் பதிவை அரசு அமைப்பு ரத்து செய்த வழக்கு. தனியார் ஃபேக்டரிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி அக்கா:
மண்சரிவில் பஸ் இல்லாமல் இரண்டு நாள் போகவில்லை, எனக்கும் நோட்டீஸ். மேனேஜரிடம் நேரில் சொன்னேன், தலையாட்டினார். அப்புறம் ஃபைலில் ‘பதில் வரவில்லை’ என்று எச்சரிக்கைக் கடிதம்!

குன்னூர் எடைக்காரர்:
அண்ணே, விஷயம் முடிந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா? தூங்குகிற ஃபைலை எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ?

ஓய்வுபெற்ற யூனியன்காரர்:
கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நோட்டீசில் ‘ஏற்கெனவே ஒருமுறை’ என்று இதையும் சேர்ப்பார்கள்.

கூடலூர்:
நான் கேட்க மாட்டேன்.

கோத்தகிரி அக்கா:
எனக்கு அப்படித்தான் சேர்த்தார்கள்.