வெண்பலகைப் படத்தில் முடிவு எது, யோசனை எது?

நண்பர்களே, பயிலரங்கு ஒன்றின் வெண்பலகைப் படங்களையும் கிறுக்கல் குறிப்புகளையும் முறையான கூட்டப் பதிவாக்கிக்கொண்டிருக்கிறேன். படங்களை எடுத்த நேரப்படி அடுக்கி, ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டச்சு செய்துவிட்டேன். அதன்பிறகே முடிவு, பணி, நிலுவைக் கேள்வி என்று பிரிக்கிறேன். சிக்கல் அங்கேதான்.

“பயிற்சி → ஜூன்? ர.” என்று ஒரு வரி. முந்தைய படத்தில் அதே இடத்தில் “மே” என்று இருக்கிறது. கேள்விக்குறி இருப்பதால் முடிவு என்று எழுத மனம் வரவில்லை. “ர.” பொறுப்பாளரா, யோசனை சொன்னவரா? இப்போதைக்கு நிலுவையில் வைத்து, பட எண்ணைப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

இத்தகைய வரிகளை வந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்பீர்களா, வரைவிலேயே “உறுதி செய்யவும்” என்று குறித்து எல்லோருக்கும் அனுப்புவீர்களா? அம்புக்குறிகளையும் எப்படி எழுதுகிறீர்கள்? காரணமா, வரிசையா என்று பலகை சொல்வதில்லையே!