சர்க்கரை தாழ்வது தெரியாமலே போகும் நிலை: என்ன சொல் வைக்கலாம்?

மதிவாணன்:

நண்பர்களே, நீரிழிவு நோயாளிகளுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹைப்போகிளைசீமியாவுக்குத் 'தாழ்சர்க்கரை' என்று வைத்துவிட்டேன். 'சர்க்கரைக் குறைவு' என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. நீரிழிவு உள்ளவர் வீட்டில் "சர்க்கரை குறைஞ்சிருக்கு" என்றால் அது நல்ல செய்தி. அதே சொல்லை 70-க்குக் கீழே இறங்குவதற்கும் வைத்தால் படிப்பவர் சந்தோஷப்பட்டுவிடுவார்.

சிக்கல் அடுத்த சொல்லில். சிலருக்குச் சர்க்கரை தாழும்போது நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எதுவுமே வருவதில்லை. மருத்துவர்கள் 'ஹைப்போ அன்அவேர்னஸ்' என்கிறார்கள். 'உணர்வற்ற தாழ்சர்க்கரை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கலா:

வேண்டாம். நீரிழிவுப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். 'உணர்வற்ற' என்று எழுதினால் ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்றே படிப்பார்கள். இந்த நிலையில் இருப்பவர் கண் விழித்திருக்கிறார், நடக்கிறார், வாக்குவாதம்கூடச் செய்கிறார்.

சொல் வைக்குமுன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். அறிகுறிகள் இரண்டு வகை. சர்க்கரை தாழத் தொடங்கியதும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நடுக்கமும் படபடப்பும் அதனால் வருபவை, அதாவது காவல்காரன் குரல். இன்னும் தாழ்ந்தால் மூளைக்கே சர்க்கரை போதாமல் பேச்சு குழறும், கணக்கு தப்பும், காரணமில்லாமல் கோபம் வரும். வழக்கமாக முதல் வகை முன்னால் வரும், அதனால் ஆள் தானே சுதாரித்துக்கொள்வார். நீங்கள் சொல்லும் நிலையில் இந்த வரிசை புரண்டுவிடுகிறது. காவல்காரன் வாய் திறப்பதற்குள் மூளை மந்தமாகிவிடும். தனக்கு ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதான்.

தங்கராசு:

அப்படியென்றால் 'அறிகுறி இழப்பு' என்று வைத்துவிடலாமே. பல வருட நீரிழிவில் நரம்பு கெட்டுப்போவதால் வருவதுதானே இது? போனது போனதுதான். 'இழப்பு' பொருத்தமான சொல்.

ரஹீம்:

எனக்கு நேர் எதிராக நடக்கிறது. போன மாதம் மருந்தை மாற்றினார்கள். இப்போது 110 இருக்கும்போதே கை நடுங்குகிறது, வியர்க்கிறது. உடனே சர்க்கரை வாயில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு இருப்பதும் இந்த நோய்தானா?

கலா:

தங்கராசு ஐயா, பாதி சரி. நரம்புப் பாதிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய காரணம் அடிக்கடி தாழ்வதுதான். ஒருமுறை நன்றாகத் தாழ்ந்தால், அடுத்த ஓரிரு நாளில் மறுபடி தாழும்போது அட்ரினலின் குறைவாகவே சுரக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை என்றால் உடல் அதற்குப் பழகிவிடும். மறுபக்கம், சில வாரம் ஒருமுறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அறிகுறிகள் ஓரளவாவது திரும்புகின்றன. அதற்காகவே சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். திரும்பி வருவதை 'இழப்பு' என்று சொன்னால் நோயாளி முயற்சியை விட்டுவிடுவார்.

ரஹீம், உங்களுடையது வேறு. நெடுநாள் 300-இல் இருந்த உடலுக்கு 110 என்பதே பள்ளமாகத் தெரியும். அறிகுறி உண்மை, ஆபத்து இல்லை. மீட்டரில் 70-க்கு மேல் இருந்தால் சர்க்கரையை அள்ளிப் போடவேண்டாம், கொஞ்ச நாளில் பழகும். மீட்டர் கையில் இல்லாதபோது மட்டும், தாழ்ந்ததாகவே எடுத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

செல்வி:

அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், சொல்லுக்கு உதவலாம். வயது 71. கிளிமிபிரைடு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு பீட்டா பிளாக்கர். அன்று வயிறு சரியில்லை என்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டார். மாலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் எரிந்து விழுந்தார். முதுகெல்லாம் ஈரம், புழுக்கம் என்று நினைத்தோம். குத்திப் பார்த்தால் 46.

சாக்லெட் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 49. பிறகு மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், 64. மறுபடி கொடுத்தோம், 92. சரியாகிவிட்டது என்று படுக்க வைத்தோம். இரவு பதினொன்றரைக்கு மறுபடி 58!

அம்மா அதைச் சொல்வது "சத்தமில்லாம இறங்கிடுது" என்று. 'ஊமைத் தாழ்வு' என்று வைத்தால் என்ன? ஊமைக்காயம் என்கிறோமே.

தங்கராசு:

பீட்டா பிளாக்கர்தான் அறிகுறியை மறைத்திருக்கும். அப்புறம், மயங்கிவிட்டால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றுங்கள், தானாக இறங்கும்.

கலா:

ஊற்றவே கூடாது! விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போடலாம்.

பீட்டா பிளாக்கர் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது மறைப்பது படபடப்பையும் நடுக்கத்தையும்தான். வியர்வையை மறைக்காது. செல்வி, அந்த ஈரமுதுகுதான் உங்கள் அப்பாவிடம் மிச்சமிருந்த ஒரே எச்சரிக்கை மணி. அவர் வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

சாக்லெட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். முதலில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது தேக்கரண்டியால் மூன்று, நான்கு. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. நீங்கள் இரண்டாவதாகச் செய்தது அதுதான். விட்டது அதற்குப் பிறகு தரவேண்டிய சாப்பாடு. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க இன்சுலினைச் சுரக்க வைக்கும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். கரைத்துக் குடித்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. இப்படி மறுபடி தாழ்பவரை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அவருடைய சிறுநீரகப் பரிசோதனையையும் மாத்திரை அளவையும் மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

'ஊமைத் தாழ்வு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறது. மதிவாணன் கேட்டது ஆளுக்கு வந்திருக்கும் நிலையை.

செல்வி:

கிரியேட்டினின் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

மதிவாணன்:

அப்போது இரண்டு சொல் தேவைப்படுகிறது. நிலைக்கு 'எச்சரிக்கை மங்கல்' என்று வைக்கிறேன். மங்கியது தெளியும் என்பதால் கலா சொன்னதும் அதில் அடங்கும். அறிகுறியே இல்லாமல் நிகழும் ஒவ்வொரு தாழ்வுக்கும் 'ஊமைத் தாழ்வு'.

ரஹீம்:

'ஊமை' வேண்டாமே. பேச இயலாதவர்கள் வீட்டிலும் கையேட்டைப் படிப்பார்கள். 'சத்தமில்லாத் தாழ்வு' என்று அம்மா சொன்னபடியே வையுங்களேன்.

தங்கராசு:

ஊமைக்காயத்தில் யாரும் புண்பட்டதாகத் தெரியவில்லை. கலைச்சொல் என்றால் கச்சிதம் வேண்டாமா?

மதிவாணன்:

இதை இன்னும் யோசிக்கிறேன். 'எச்சரிக்கை மங்கல்' மட்டும் இப்போதைக்கு உறுதி. அதன் கீழே வரும் முதல் வரியை மாற்றிவிட்டேன்: "காரணமில்லாத கோபம், தடுமாறும் விரல், ஈரமான முதுகு கண்டால் கேள்வி கேட்காமல் குத்திப் பாருங்கள்." கலா, 'குத்திப் பாருங்கள்' என்று எழுதலாமா, இல்லை 'பரிசோதியுங்கள்' என்றுதான் எழுத வேண்டுமா?

கலா:

எங்கள் பிரிவில் எல்லோரும் சொல்வது 'குத்திப் பாருங்கள்'தான்.