இரவு 10 மணிக்கு ஷிப்டை வெட்டுவது: வரியை வெட்டுவதா, கணக்கை வெட்டுவதா?

கண்மணி (சம்பளப் பில் பிரிவு)

மத்திய அரசு உற்பத்திப் பிரிவு ஒன்றில் சம்பளப் பில் போடுகிறேன். மாலை ஷிப்ட் 16:00 முதல் 24:00 வரை. இரவுப் பணிப்படி 22:00-க்குத்தான் தொடங்குகிறது. இப்போதுள்ள மென்பொருள் ஷிப்ட் தொடங்கும் நேரத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் மாலை ஷிப்டுக்கு ஒன்றுமே வருவதில்லை. ஒவ்வொரு மாலை ஷிப்டையும் 16–22, 22–24 என்று இரண்டு வரியாகப் பதிவு செய்தால் சரியாகிவிடுமா?

ரோஸ்டர் ராஜு

தாராளமாகச் செய்யுங்கள் மேடம். எங்கள் பிரிவில் நான்கு வருஷமாக இப்படித்தான் போடுகிறோம். முதல் வரிக்குப் படி கிடையாது, இரண்டாவது வரிக்கு உண்டு. தணிக்கைக்கு வருபவர் வரியைப் பார்த்தாலே புரிந்துகொள்வார், யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரியின் மணியை, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 200-ஆல் வகுத்து வரும் தொகையால் பெருக்கினால் முடிந்தது.

சிவஞானம் (ஓய்வு, கணக்குப் பிரிவு)

ராஜு தம்பி, 200-ஆல் வகுப்பது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கை விட்டுவிட்டீர்கள். 2020 ஜூலை 13 தேதியிட்ட பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஆணையில், இரவு 22:00 முதல் காலை 6:00 வரை செய்யும் பணியில் ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிடம்தான் கூடுதலாகக் கணக்கிடச் சொல்கிறார்கள். முழு மணிக்கும் அல்ல.

கண்மணி அம்மா, 2024 மார்ச் பில்லில் ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். அடிப்படை 35,400. அன்றைக்கு அகவிலைப்படி 50 சதவீதம், அதாவது 17,700. இரண்டும் சேர்த்து 53,100. 200-ஆல் வகுத்தால் மணிக்கு 265 ரூபாய் 50 காசு. மாலை ஷிப்டில் இரவு நேரம் 2 மணி, அதற்கு 20 நிமிடம். 265.50-ல் மூன்றில் ஒரு பங்கு, 88 ரூபாய் 50 காசு. ஒரு நாளைக்கு அந்த ஆளுக்குச் சேர வேண்டியது அவ்வளவுதான்.

ராஜு சொன்னபடி 2 மணியையும் அப்படியே பெருக்கினால் 531 ஆகும். ஷிப்ட் முழுவதையும் இரவுப் பணியாக எடுத்தால் 80 நிமிடம், 354 ரூபாய். இரண்டுமே பின்னால் பிடித்தம் ஆகும் தொகைகள். பிடித்தம் வரும்போது அது ஊழியரின் சம்பளத்திலிருந்துதான் போகும், பில் போட்டவரிடமிருந்து அல்ல. அதனால்தான் இதில் கறாராக இருக்கச் சொல்கிறேன்.

ரோஸ்டர் ராஜு

10 நிமிட விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் சார். எங்கள் மென்பொருளே அந்த ஆறில் ஒரு பங்கைப் போட்டுக்கொள்கிறது போலிருக்கிறது, நான் மணியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கேள்வி அதுவல்லவே. வரியை வெட்டுவதில் என்ன தப்பு?

பாலு (டெக்னீஷியன்)

எனக்கும் இதே பிரச்சினைதான். மாதத்தில் 8 நாள் முழு இரவு ஷிப்ட் பார்க்கிறேன், ஒரு பைசா படி வரவில்லை. அடிப்படை 44,900. ஷிப்டை வெட்டிப் பதிவு செய்தால் எனக்கும் வருமா?

சிவஞானம்

உங்களுக்கு வராதது வேறு காரணத்தால் தம்பி. அதே ஆணையில் அடிப்படைச் சம்பளம் 43,600-க்கு மேல் போனால் இந்தப் படி கிடையாது என்று உச்சவரம்பு இருக்கிறது. எப்படி வெட்டினாலும் அது மாறாது. ஒரே எந்திரத்தில் ஒரே இரவு வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் படி என்பது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது சங்கம் வழியாகக் கேட்க வேண்டியது.

இப்போது ராஜுவின் கேள்விக்கு வருகிறேன். வரியை வெட்டினால் இரவு நேரம் சரியாக வரும், மற்றதெல்லாம் கெடும். நான் பணியில் இருந்தபோது கண்ணால் பார்த்தது இது. ஒருவர் 14:00–22:00 ஷிப்ட். மாற்று ஆள் வரவில்லை, 24:00 வரை நின்றார். பதிவேட்டில் 14–22 ஒரு வரி, 22–24 இன்னொரு வரி. கணினி கூடுதல் நேரத்தை வரிவாரியாகப் பார்த்தது. முதல் வரி 8 மணி, இரண்டாவது 2 மணி, எதுவும் 9 மணியைத் தாண்டவில்லை. அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளில் 9 மணிக்கு மேல் போன அந்த ஒரு மணிக்கு இரட்டிப்புக் கூலி உண்டு. அது அவருக்கு விழவே இல்லை. இரவுப் படி ஒழுங்காக வந்திருந்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. அவரே ஆறு மாதம் கழித்துத் தன் சொந்த டைரியை எடுத்துக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது. நீல மையில் தேதியும், வெளியே போன நேரமும், மாற்று ஆளின் பெயரும் எழுதி வைத்திருந்தார்.

ஆக, அவர் வந்த நேரம் போன நேரம் ஒரே வரியாக இருக்கட்டும். இரவு நிமிடம் என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதில் கணக்கை வெட்டுங்கள்.

ரோஸ்டர் ராஜு

அது கணினி நிரலின் குறை சார். நாள்வாரியாகக் கூட்டச் சொன்னால் போதுமே? 8-ம் 2-ம் பத்து, ஒரு மணி கூடுதல் என்று காட்டிவிடும். அதற்காக வரியை வெட்டுவதே தப்பு என்று சொல்ல முடியாது.

சிவஞானம்

நள்ளிரவைத் தாண்டாத ஷிப்டுக்கு நீங்கள் சொல்வது சரி. தாண்டினால் நாள்வாரியும் உதவாது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவுக்குப் பின் வேலை செய்த மணிகளை முந்தைய நாளோடு சேர்க்கச் சொன்னது. வரியைத் துண்டு போட்டுவிட்டால் எந்தத் துண்டு எந்த ஷிப்டின் வால் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மேரி (ஜெர்மனியில் செவிலியர்)

நீங்கள் பேசும் அரசு ஆணை எனக்குத் தெரியாது. ஆனால் வரியை வெட்டுவதால் வரும் நஷ்டத்தை நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இங்கே இரவு வேலைக்கான கூடுதல் ஊதியத்தில் வருமான வரி விலக்கு உண்டு. 20:00 முதல் 6:00 வரை அடிப்படைக் கூலியில் 25 சதவீதம் வரைக்கும் விலக்கு. 0:00 முதல் 4:00 வரை அது 40 சதவீதம், ஆனால் வேலையை நள்ளிரவுக்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும்.

எனக்கு 21:00 முதல் 6:30 வரை ஷிப்ட். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் புது மென்பொருள் வந்ததும் அது நள்ளிரவில் ஷிப்டை இரண்டாக்கியது. இரண்டாவது துண்டின் தொடக்கம் 0:00 என்று பதிவானது. நள்ளிரவுக்கு முன் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த நான்கு மணிக்கும் 25-ஐ மட்டும் போட்டார்கள். சம்பளச் சீட்டில் 40 என்ற வரியே காணாமல் போயிருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எந்த மணிக்கு எவ்வளவு என்பது சில நேரம் அந்த மணியில் இருப்பதில்லை, ஷிப்ட் எப்போது தொடங்கியது என்பதில் இருக்கிறது.

கண்மணி

மேரி அக்கா சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. வரியை வெட்டவில்லை. சிவஞானம் சார், அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? HOUR(A2)>=22 என்று எழுதிப் பார்த்தேன். 21:55-க்கு வந்து காலை வரை இருந்தவருக்குப் பூஜ்யம் காட்டுகிறது.

சிவஞானம்

அந்தச் சூத்திரமும் உங்கள் பழைய மென்பொருளும் ஒரே தவறைச் செய்கின்றன, தொடங்கிய நேரத்தை மட்டும் பார்க்கின்றன. பார்க்க வேண்டியது இரண்டு நேர இடைவெளிகள் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதை. பின்னால் தொடங்கியதை எடுங்கள், முன்னால் முடிந்ததை எடுங்கள், கழியுங்கள். எதிர்மறையாக வந்தால் பூஜ்யம். A2-ல் வந்த நேரம், B2-ல் போன நேரம் என்று வையுங்கள்:

```
=ROUND(1440*(MAX(0,MIN(B2,INT(A2)+6/24)-A2)
 +MAX(0,MIN(B2,INT(A2)+30/24)-MAX(A2,INT(A2)+22/24))),0)
```

முதல் பகுதி விடியற்காலையில் வேலைக்கு வருபவருக்கு. 4:00–12:00 ஷிப்டுக்கு 120 நிமிடம் வரும். இதைப் பல இடங்களில் மறந்தே விடுகிறார்கள். இரண்டாவது பகுதி அன்றிரவு 22:00 முதல் மறுநாள் 6:00 வரை. உங்கள் 16–24 ஷிப்டுக்கும் 120 வரும். 14–22-க்குப் பூஜ்யம். வந்த நிமிடங்களை 6-ஆல் வகுத்தால் கூலிக்கான நிமிடம். தினமும் வகுத்துத் தினமும் முழுமைப்படுத்தாதீர்கள். மாத நிமிடங்களைக் கூட்டிக் கடைசியில் ஒரே தடவை வகுங்கள். தினம் சிந்தும் சில்லறை மாதக் கடைசியில் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு கட்டத்திலும் தேதியோடு நேரம் இருக்க வேண்டும். வெறும் 22:00, 06:00 என்று அடித்தால் போன நேரம் வந்த நேரத்துக்கு முன்னால் விழும். சூத்திரம் பிழை காட்டாது, அமைதியாக 0 காட்டும். முழு இரவு வேலை பார்த்தவர் பெயருக்கு நேராக 0 இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

கண்மணி

போட்டுப் பார்த்துவிட்டேன் சார். மார்ச் மாதத்தின் 31 நாளையும் ஓட்டினேன். இரண்டு பேருக்கு 0 வந்தது, இரண்டுமே தேதி விடுபட்டவை. 21:55-க்கு வந்தவருக்கு இப்போது 480 நிமிடம் சரியாக வருகிறது.

ரோஸ்டர் ராஜு

சூத்திரம் நன்றாக இருக்கிறது, நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் தணிக்கைக்கு என் இரண்டு வரி அச்சை நிறுத்தப் போவதில்லை. சூத்திரத்தைப் படிக்கத் தெரியாதவர்தான் பெரும்பாலும் வருகிறார். அவர் முன்னால் 120 என்ற ஓர் எண்ணை நீட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

சிவஞானம்

அச்சில் இரண்டு வரியாகக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. சேமிப்பது ஒரு வரியாக இருந்தால் சரி. கூடவே, இரவுப் பணி அவசியமாக இருந்தது என்று மேற்பார்வையாளர் தரும் சான்றையும் இணைத்துவிடுங்கள், ஆணை அதைக் கேட்கிறது.

கண்மணி

இன்னும் ஒன்று கேட்கிறேன். ஜூன் 30 இரவு 22:00-க்கு வந்து ஜூலை 1 காலை 6:00-க்குப் போகிறவர். ஜூலை 1-ல் அவருக்கு ஆண்டு ஊதிய உயர்வு. 2 மணிக்குப் பழைய அடிப்படை, 6 மணிக்குப் புதியதா?

ரோஸ்டர் ராஜு

அப்படித்தான். இங்கேதான் என் இரண்டு வரி உங்களுக்குத் தேவைப்படும்.

சிவஞானம்

எங்கள் அலுவலகத்தில் ஷிப்ட் தொடங்கிய தேதியின் சம்பளத்தையே எட்டு மணிக்கும் எடுத்தோம். பக்கத்துப் பிரிவில் நள்ளிரவில் பிரித்தார்கள். இரண்டையும் தணிக்கை ஏற்றுக்கொண்டது. இரவுப் பணி செய்த தேதியில் வாங்கும் சம்பளம் என்றுதான் ஆணை சொல்கிறது, ஷிப்டின் நடுவில் சம்பளம் மாறினால் என்ன என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் அம்மா, ஜூன் பில்லுக்கு முன்னாலேயே.

கண்மணி

நாளைக்கே கடிதம் போடுகிறேன் சார். அந்த இரவு எங்கள் ரோஸ்டரில் 11 பேர் இருக்கிறார்கள்.