கீரையோடு ஊமத்தை கலந்துவிட்டது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

வரப்போரம்: ஐப்பசி மழைக்குப் பிறகு வரப்பில் கீரை தளதளவென்று கிடந்தது. பொழுது சாயும் நேரம். குப்பைக்கீரை, மணத்தக்காளி என்று அரிவாளால் கொத்துக் கொத்தாக அறுத்து வந்து கடைந்தேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மாமியார் நாக்கு வறளுது என்றார். தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அப்புறம் கணவருக்கு முகம் சிவந்து உடம்பு கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. போர்வையிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருந்தது.

குப்பையில் போட்ட தண்டுகளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதைப் பார்த்துத்தான் ஊமத்தை என்றார்கள். தெளிய இரண்டு நாள் ஆனது. அந்த இரவு மாமியாருக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

சின்னக்காடு: கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்திருந்தால் விஷம் போயிருக்குமே அக்கா? ஆடு கடிக்காத செடியைத் தொடாதே என்று எங்கள் அப்பத்தா சொல்லும்.

பச்சிலை: வடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் இறங்கும் தம்பி, ஆனால் மீதி இலையிலேயே இருக்கும். ஊமத்தை நஞ்சு அடுப்புச் சூட்டில் அழியாது. ஆட்டை நம்புவதும் ஆபத்து, நமக்கு ஆகாத சில செடிகளை அது மேயும்.

இளசாக இருக்கும்போது மணத்தக்காளியும் ஊமத்தையும் ஏமாற்றும், இரண்டும் ஒரே குடும்பம். ஊமத்தை இலையின் அடிப்பகுதி காம்பில் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் சேரும், கசக்கினால் குமட்டும் நாற்றம். ஆனாலும் நான் இலையை மட்டும் நம்புவதில்லை. சின்ன வெள்ளைப் பூவோ, கொத்துக்காயோ கண்ணால் பார்த்த மணத்தக்காளியில்தான் கை வைப்பேன். அரிவாள் எடுக்க மாட்டேன், நுனி நுனியாகக் கிள்ளுவேன். பகல் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பி ஒவ்வொரு இலையாக ஆய்வேன். சமைக்காத ஒரு பிடியை மறுநாள்வரை எடுத்து வைப்பேன். நீங்கள் தண்டைக் கொண்டுபோனது எவ்வளவு உதவியது பாருங்கள்.

மூலனூர்க்காரன்: எங்களுக்குக் கிழங்கில் நடந்தது. கோடையில் கொடி காய்ந்த இடத்தில் தோண்டி, வள்ளிக்கிழங்கு என்று அண்ணன் வேகவைத்துத் தின்றார். அது கண்வலிக்கிழங்கு. ராத்திரி நன்றாகத்தான் தூங்கினார். விடிந்ததும் வாந்தி, பேதி. பிழைத்தார், ஆனால் இரண்டு வாரம் கழித்து முடி கொட்டியது.

பச்சிலை: கண்வலிக்கிழங்கு மெதுவாகத்தான் காட்டும் அண்ணா, அதனால்தான் பலர் தாமதமாகப் போகிறார்கள். கொடி பச்சையாக இருந்தால் இலை நுனி சுருண்டு பற்றுவதைப் பார்த்திருக்கலாம். காய்ந்த பிறகு கிழங்கை மட்டும் வைத்து அடையாளம் சொல்ல நான் துணிய மாட்டேன்.

சின்னக்காடு: ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருக்குமே, அது போதாதா?

பச்சிலை: முழுதாக வந்தால் சரி. மண்வெட்டி பட்டு உடைந்த துண்டில் எந்த வளைவைத் தேடுவீர்கள்?

வரப்போரம்: அந்த ஊமத்தையை வேரோடு பிடுங்கிவிட்டேன். விதை உதிர்ந்திருந்தால் அடுத்த மழைக்கும் முளைக்குமாம். அதே வரப்பில் இனி கீரை பறிக்கலாமா, யாராவது சொல்லுங்கள்.